இருபது நிமிடம் தாமதமாக வந்தவருக்கு ஏழு வரிக் குறிப்பு எழுதுவது எப்படி?

இணையவழிக் கூட்டம் மாலை 7 மணிக்குத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் நடக்கும். 7:20-க்கு ஒருவர் உள்ளே வருகிறார். பேச்சு சூடாக நடந்துகொண்டிருக்கிறது. எதைப் பற்றி என்று அவருக்குத் தெரியவில்லை. "என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் முப்பது பேர் நின்று அவருக்குக் கதை சொல்ல வேண்டும். கேட்காமல் இருந்தால், முடித்துவைத்த விஷயத்தை அரை மணி நேரம் கழித்து அவரே மறுபடி கிளப்புவார். இரண்டுமே நடக்காமல் இருக்க, ஏற்கெனவே கூட்டத்தில் இருக்கும் ஒருவர் ஆறேழு வரி எழுதி அவருக்கு அனுப்பிவைக்கிறார். அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதை, முதன்முறையாக இந்தப் பொறுப்பை ஏற்பவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 48 வீடுகள் கொண்ட கட்டடம். கீழே கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் நான்கு மாடிகள், மாடிக்குப் பன்னிரண்டு வீடுகள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை ஸூமில் கூட்டம். நிரலில் நான்கு பொருள்கள்: கடந்த ஆண்டுக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டை மாடி நீர்க்கசிவு, மாதப் பராமரிப்புக் கட்டணம். தாமதமாக வருபவர் நான்காம் மாடி 4ஏ வீட்டுக்காரர். அவருடைய படுக்கையறைக் கூரையில்தான் தண்ணீர் கசிகிறது. வீட்டு எண்களும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

குறிப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

புதிதாக எழுதுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே 7 மணியிலிருந்து தொடங்குகிறார்கள். "தலைவர் அனைவரையும் வரவேற்றார். பிறகு பொருளாளர் கணக்கு வாசித்தார்..." என்று போகும். மினிட்ஸ் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆனால் தாமதமாக வந்தவர் படிக்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு காது கூட்டத்தில் இருக்கிறது. ஒரு கண் திரையில் தெரியும் முகங்களில் இருக்கிறது. மிச்சமிருக்கும் கவனத்தில்தான் உங்கள் குறிப்பைப் படிக்கிறார். முதல் வரி மட்டும் உறுதியாக உள்ளே போகும். இரண்டாவது வரி அநேகமாகப் போகும். ஐந்தாவது வரியை அவர் பிறகு பார்த்துக்கொள்வார். அந்த முதல் வரியை வரவேற்புரைக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே குறிப்பு "இப்போது" என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த நொடியில் எந்தப் பொருள் ஓடுகிறது, அதில் எந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது, முடிவு ஆகிவிட்டதா இல்லையா என்ற மூன்றும் முதல் வரியில் வந்துவிட வேண்டும். அடுத்து, அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அவருக்குத் தேவையான விவரம். அதற்குப் பிறகு, அவர் வருவதற்கு முன் முடிந்துபோனவை. கடைசியாக, அவரிடம் யாராவது ஏதாவது கேட்டிருக்கிறார்களா, அடுத்து என்ன வரப்போகிறது என்பவை. மினிட்ஸ் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கிப் போகும். இந்தக் குறிப்பு இப்போதிலிருந்து பின்னோக்கிப் போகும்.

அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று இருந்து, அது எந்த நேரமும் மறுபடி வரக்கூடும் என்றால், அதை இரண்டாவது வரிக்கே ஏற்றிவிடுங்கள். கேள்வி தன் பக்கம் திரும்பும்போது விழிப்பதுதான் தாமதமாக வருபவர்களின் பெரிய அச்சம்.

முதல் இருபது நிமிடங்களில் செய்ய வேண்டியது

ஒருவர் உள்ளே வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் காரியம் கெட்டுவிடும். நீங்கள் எழுதும் நான்கைந்து நிமிடங்களில் கூட்டம் நகர்ந்துவிடும். அதை நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் கூட்டம் தொடங்கும்போதே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் நடந்தது. தட்டச்சு செய்வதைவிடத் தாளில் எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. மைக் திறந்திருந்தால் விசைப்பலகைச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும் என்பது ஒரு காரணம். தாளில் அம்புக்குறி போடலாம், வட்டம் போடலாம் என்பது இன்னொரு காரணம்.

நம் உதாரணக் கூட்டத்தில் 7:20 வரைக்குமான தாள் இப்படி இருக்கும்:

7:02 – கணக்கு வாசிப்பு, பொருளாளர்.
7:04 – 2சி: ஜெனரேட்டர் டீசல் செலவு ஏன் கூடியது? பொருளாளர்: மே மாத மின்தடை. பில்களை ஞாயிறு காலை அலுவலக அறையில் காட்டுவார்.
7:06 – கணக்கு ஏற்பு. மறுப்பு இல்லை.
7:07 – லிஃப்ட். இரண்டு கொட்டேஷன். உதிரிபாகம் சேர்த்து ஆண்டுக்கு 96,000, சேர்க்காமல் 40,000.
7:10 – 3எஃப்: போன வருடம் உதிரிபாகத்துக்கே நிறையப் போனது. 1கே: பழைய ஆட்களே போதும்.
7:13 – கை தூக்கல். 26 – 5. உதிரிபாகம் சேர்த்தது. ஜூலை 1 முதல் ஓர் ஆண்டு.
7:14 – மொட்டை மாடி. செயலாளர், பொறியாளரின் அறிக்கையை வாசிக்கிறார்.
7:16 – வழி 1: தட்டோட்டின் மேலேயே நீர்புகாப் பூச்சு, 2.4 லட்சம். வழி 2: தட்டோடும் அடியில் உள்ள சுருக்கி என்ற சுண்ணாம்புக் காரையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது, 6 லட்சம்.
7:17 – தலைவர்: 4ஏ-யில் கசிவு எப்போதிலிருந்து? அவர் இல்லை.
7:18 – 1பி: மேல்மாடிக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும். 4டி: மொட்டை மாடி எல்லோருக்கும் பொது.
7:20 – 4ஏ வந்தார்.

இதில் இரண்டு இடங்களில் மட்டும் வட்டம் போடுங்கள்: ஒரு விஷயம் முடிவான இடம், ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்ட இடம். மேலே உள்ள தாளில் 7:06, 7:13, 7:17 ஆகிய மூன்றுக்கும் வட்டம் விழும். குறிப்பு எழுதும்போது கண் நேராக அங்கே போகும்.

இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்கும்போது தலைவர் தொண்டையைச் சரிசெய்வார், யாரோ ஒருவர் தன் மைக்கை அணைக்க மறந்திருப்பார், அரை நிமிடம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் முடிந்த பொருளை ஒரே வரியில் எழுதி முடித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் 7:20-க்கு நீங்கள் புதிதாக எழுத வேண்டியது அப்போது நடந்துகொண்டிருக்கும் பொருளைப் பற்றி மட்டும்தான்.

எழுதிப் பார்ப்போம்

தாளைப் பார்த்து அவசரமாக எழுதினால் முதலில் வருவது அநேகமாக இப்படி இருக்கும்:

> சார் வணக்கம். கூட்டம் சரியாக 7 மணிக்குத் தொடங்கியது. பொருளாளர் கணக்கு வாசித்தார், டீசல் செலவு பற்றி 2சி கேள்வி எழுப்பினார், அதற்குப் பொருளாளர் மே மாத மின்தடை காரணம் என்றார். பிறகு லிஃப்ட் ஒப்பந்தம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது, உதிரிபாகத்தோடு எடுப்பது நல்லது என்று பலரும் கருதினார்கள். இப்போது மொட்டை மாடி பற்றிப் பேசப்படுகிறது. 1பி தேவையில்லாமல் பிரச்சினை செய்கிறார்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 4ஏ வீட்டுக்காரருக்கு இதனால் பயனும் இல்லை. லிஃப்ட் விஷயத்தில் "பலரும் கருதினார்கள்" என்றால் அது முடிந்துவிட்டதா, இன்னும் வாக்களிக்கலாமா? அவர் இரண்டாவது என்று நினைத்து, "லிஃப்ட் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்குவார். மொட்டை மாடி பற்றி "பேசப்படுகிறது" என்பது அவர் காதிலேயே விழுகிறது. என்ன கேள்வி என்பதுதான் அவருக்கு வேண்டும். அவர் வீட்டுக் கசிவைப் பற்றித் தலைவர் கேட்டது விட்டுப்போய்விட்டது. கடைசி வாக்கியத்தை எழுதியிருக்கவே கூடாது. அதைப் படித்தவர் கூட்டத்துக்குள் வரும்போதே 1பி மேல் கோபத்தோடு வருவார்.

அதே தாளிலிருந்து இப்படி எழுதலாம்:

> சார், இப்போது: மொட்டை மாடி நீர்க்கசிவு. செலவை 48 வீடுகளும் பகிர்வதா, மேல்மாடி 12 வீடுகள் மட்டுமா என்று பேச்சு. முடிவாகவில்லை.
> உங்களிடம் கேள்வி: உங்கள் வீட்டில் கசிவு எப்போது தொடங்கியது என்று தலைவர் கேட்டார். மறுபடி கேட்கக்கூடும்.
> வழி 1: தட்டோட்டின் மேல் பூச்சு, 2.4 லட்சம் (48 வீடு என்றால் வீட்டுக்கு 5,000, 12 வீடு என்றால் 20,000).
> வழி 2: தட்டோடு, சுருக்கி பெயர்த்துப் புதிதாகப் போடுவது, 6 லட்சம் (வீட்டுக்கு 12,500 அல்லது 50,000).
> முடிந்தது: ஆண்டுக் கணக்கு ஏற்கப்பட்டது.
> முடிந்தது: லிஃப்ட், உதிரிபாகம் சேர்த்த ஒப்பந்தம், ஆண்டுக்கு 96,000, ஜூலை 1 முதல். 26 – 5 வாக்கு.
> அடுத்து: மாதப் பராமரிப்புக் கட்டணம். (7:22 நிலவரம்)

ஏழு வரிகள். டீசல் கேள்வி போய்விட்டது. அது கேட்டவருக்கும் பொருளாளருக்கும் இடையில் ஞாயிற்றுக்கிழமை தீரப்போகிற விஷயம். 3எஃப், 1கே சொன்னவை போய்விட்டன, ஏனென்றால் லிஃப்ட் முடிந்துவிட்டது. யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பது மினிட்ஸில் வரும். மொட்டை மாடி விஷயத்திலும் 1பி, 4டி இருவரின் வாதமும் உள்ளே இருக்கிறது, அவர்களுடைய வீட்டு எண்கள் மட்டும் இல்லை. ஒரு கேள்விக்கு இரண்டு பக்கம் உண்டு என்று தெரிந்தால் போதும். எந்தப் பக்கத்தில் யார் என்பதை அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அடைப்புக்குறிக்குள் உள்ள வீட்டுக் கணக்கைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை; வகுத்துப் போட்டது நான்தான். இதைச் செய்யலாமா என்று கேட்டால், வெறும் வகுத்தல் என்றால் செய்யலாம், அதற்கு மேல் போகக் கூடாது என்பேன். 6 லட்சம் என்ற தொகையைப் பார்த்தவுடன் 4ஏ வீட்டுக்காரர் மனதில் எழும் முதல் கேள்வி தன் பங்கு எவ்வளவு என்பதுதான். அதை அவரே கணக்குப் போட உட்கார்ந்தால் ஒரு நிமிடம் கூட்டத்தைத் தவறவிடுவார். ஆனால், "வழி 1 இரண்டு வருடம்தான் தாங்கும்" என்று நீங்கள் சேர்க்கக் கூடாது. பொறியாளர் அறிக்கையில் அப்படி இருந்தால், "அறிக்கைப்படி" என்ற சொல்லோடு சேர்க்கலாம். இல்லையென்றால் அது உங்கள் கருத்து. உங்கள் கருத்தை மைக்கைத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தவரின் காதில் தனியாக ஊதக் கூடாது. குறிப்பெழுதுபவர் ஒரு பக்கம் சாய்கிறார் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கூட்டத்திலிருந்து அவர் எழுதும் எதையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சங்கக் கூட்டங்களில் இது நிஜமாகவே நடக்கும், பெரிய சண்டையில் போய் முடியும்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

குறிப்பில் அதிகக் குழப்பம் தருவது வினைச்சொல்தான். ஒரு விஷயம் நான்கு நிலைகளில் இருக்கலாம்: முடிந்துவிட்டது, தள்ளிவைத்தாயிற்று, ஒருவரிடம் ஒப்படைத்தாயிற்று, இன்னும் பேச்சில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, எல்லாக் குறிப்புகளிலும் அதையே பயன்படுத்துங்கள். நான் "முடிந்தது", "தள்ளிவைப்பு", "பொறுப்பு", "முடிவாகவில்லை" என்று எழுதுகிறேன். "விவாதிக்கப்பட்டது", "ஆலோசிக்கப்பட்டது", "வலியுறுத்தப்பட்டது" போன்றவை செய்தித்தாளுக்குப் பொருந்தும். இங்கே அவற்றைப் படிப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது.

"பொறுப்பு" என்று எழுதினால் யார், எப்போதைக்குள் என்ற இரண்டும் கூடவே வர வேண்டும். "தள்ளிவைப்பு" என்றால் எந்த நாளுக்கு என்று வர வேண்டும். நாள் குறிக்காமல் தள்ளிவைத்தார்கள் என்றால் "நாள் குறிக்கவில்லை" என்றே எழுதுங்கள். நீங்கள் கவனிக்கவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கு வராது.

ஒரு விஷயம் முடிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால்? இது அடிக்கடி நடக்கும். இணையவழிக் கூட்டத்தில் தலைவர், "அப்போது சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்று சொல்லிவிடுவார். அது முடிவா, இல்லை களைப்பா? ஊகித்து எழுத வேண்டாம். அந்த இடத்திலேயே மைக்கைத் திறந்து, "லிஃப்ட் விஷயம், உதிரிபாகம் சேர்த்த ஒப்பந்தம் என்று முடிவாகக் குறித்துக்கொள்ளலாமா?" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ஆம் என்ற பதில் வந்தால் எழுதுங்கள். அந்த ஒரு கேள்வியால் 4ஏ வீட்டுக்காரர் மட்டுமல்ல, கூட்டத்தில் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்து வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவர்களும் தெளிவடைவார்கள்.

எங்கே, எப்படி அனுப்புவது?

எழுதிய குறிப்பு அவர் கண்ணில் படாமல் போவதற்குப் பல வழிகள் உண்டு. முதலாவது, அவர் வருவதற்கு முன்பே சாட் பெட்டியில் போட்டுவைப்பது. சாதாரண ஸூம் கூட்டத்தில், ஒருவர் நுழைவதற்கு முன் போடப்பட்ட செய்திகள் அவருக்குத் தெரியாது. தொடர் சாட் வசதியை இயக்கியிருந்தால் மட்டும் நிலைமை மாறும். கூகுள் மீட்டிலும் பொதுவாக அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் முன்கூட்டியே திட்டமிட்டு அழைப்பு அனுப்பிய கூட்டம் என்றால், அழைப்பில் பெயர் உள்ளவர்கள் தாமதமாக வந்தாலும் பழைய செய்திகளைப் படிக்கலாம். எந்தச் செயலி என்று நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் பெயர் பங்கேற்பாளர் பட்டியலில் வந்த பிறகே அனுப்புவது என்று வழக்கமாக்கிக்கொண்டால் எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும்.

இரண்டாவது சிக்கல், சாட் பெட்டியிலேயே நேராக எழுதுவது. அங்கே Enter விசையைத் தட்டினால் வரி மாறாது, செய்தி போய்விடும். ஏழு வரிக் குறிப்பு ஏழு துண்டுகளாகச் சிதறி, நடுவில் வேறு யாராவது போட்ட "வணக்கம்" வந்து விழும். வரி மாற்ற வேண்டும் என்றால் Shift + Enter. இதைவிட நல்லது, கணினியில் நோட்பேடிலோ கைபேசியின் குறிப்புச் செயலியிலோ முழுவதையும் எழுதிவைத்துக்கொண்டு ஒரே முறையில் ஒட்டுவது.

மூன்றாவது, யாருக்குப் போகிறது என்பது. ஸூமில் சாட் பெட்டிக்கு மேலே பெறுபவர் பெயர் இருக்கும். Everyone என்று இருந்தால் எல்லோருக்கும் போகும். அதைச் சொடுக்கி அவர் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் நடத்துபவர் தனிச் செய்திகளை நிறுத்திவைத்திருந்தால் இது முடியாது. கூகுள் மீட்டின் சாட் பெட்டியில் போடுவது எல்லோர் கண்ணிலும் படும். அப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஆனால் கூட்டத்துக்குக் கைபேசியிலிருந்து வந்திருப்பவர், வாட்ஸ்அப்பைத் திறந்தால் கூட்டத் திரை சுருங்கிவிடும் என்று தயங்குவார். அப்படிப்பட்டவருக்கு ஏழு வரியும் வேண்டாம். "இப்போது", "உங்களிடம் கேள்வி", "முடிந்தது" ஆகிய மூன்று வரிகள் போதும். கைபேசித் திரையில் முதல் அறிவிப்பிலேயே "இப்போது" வரி தெரியும்படி, வணக்கத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பெரியவராக இருந்தால் "சார்," என்ற ஒரு சொல்லே மரியாதைக்குப் போதும். "தங்களின் வருகைக்கு நன்றி" என்று தொடங்கினால் அறிவிப்பில் நன்றி மட்டும்தான் தெரியும்.

தனிச் செய்தி என்றாலும், நாளை எல்லோரும் படித்தால் வெட்கப்படத் தேவையில்லாத மாதிரியே எழுதுங்கள். பெறுபவர் பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கை தவறுவது மிக எளிது. ஸூமில் சாட்டைச் சேமித்தால், நீங்கள் அனுப்பிய தனிச் செய்திகளும் உங்கள் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை அப்படியே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் தனிச் செய்தி என்பது போய்விடும். மேலே காட்டிய முதல் வரைவில் 1பி பற்றிய வாக்கியம் அப்படி வெளியே போயிருந்தால், மொட்டை மாடிக் கசிவுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு வழி கண்டிருக்கவே முடியாது.

அனுப்பிய பிறகு

வேலை செய்ததா என்பதை அவருடைய முதல் பேச்சிலிருந்து தெரிந்துகொள்ளலாம். 4ஏ வீட்டுக்காரர் மைக்கைத் திறந்து, "என் வீட்டில் போன நவம்பர் மழையிலிருந்து கசிவு" என்று தொடங்கினால் குறிப்பு அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. "லிஃப்ட்டைப் பற்றி என்ன முடிவு?" என்று கேட்டால், அவர் கீழ் வரிகள் வரை போகவில்லை என்று பொருள். அப்போது முழுக் குறிப்பையும் மறுபடி அனுப்ப வேண்டாம், லிஃப்ட் வரியை மட்டும் தனியாக அனுப்புங்கள். ஒருவர் தொடர்ந்து சாட்டில் உங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால், ஒரு பதிலோடு நிறுத்திக்கொண்டு, "மீதியைக் கூட்டம் முடிந்ததும் பேசுகிறேன் சார்" என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நீங்களும் கூட்டத்தைத் தவறவிட்டு, உங்களுக்கும் யாராவது குறிப்பு எழுத வேண்டியதாகிவிடும்.

முடிந்த விஷயத்தில் அவருக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். லிஃப்ட்டுக்கு 96,000 அதிகம் என்று நினைக்கலாம். "அதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று உங்களிடம் கேட்பார். அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை. "தலைவரிடம் கேளுங்கள் சார், கடைசியில் இதர விஷயங்கள் என்று ஐந்து நிமிடம் உண்டு" என்று வழிகாட்டுவதோடு உங்கள் வேலை முடிகிறது. 26 – 5 என்ற வாக்கு எண்ணிக்கையைக் குறிப்பில் சேர்த்ததற்குக் காரணமும் இதுதான். தன் ஒரு வாக்கால் முடிவு மாறியிருக்காது என்று அவருக்கே தெரிந்தால், பெரும்பாலும் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார். 16 – 15 என்று இருந்திருந்தால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த நிலையில் எண்ணிக்கையைத் தவிர்த்துவிட்டு "முடிந்தது" என்று மட்டும் எழுதுவது நேர்மை ஆகாது.

நீங்கள் அனுப்பிய பிறகு முடிவு மாறுவதும் உண்டு. 7:40-க்கு யாரோ ஒருவர், லிஃப்ட் ஒப்பந்தத்தை ஜூலை 1-க்குப் பதில் ஆகஸ்ட் 1 முதல் தொடங்கலாம் என்கிறார், எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். 4ஏ வீட்டுக்காரர் அப்போது கூட்டத்தில்தான் இருக்கிறார், அவருக்கும் கேட்டிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். கேட்டது மறந்துபோகும், எழுதியது கைபேசியில் இருக்கும். "திருத்தம்: லிஃப்ட் ஒப்பந்தம் ஆகஸ்ட் 1 முதல் (7:41)" என்று ஒரு வரி போதும். முதல் குறிப்பின் கடைசியில் 7:22 நிலவரம் என்று நேரம் போட்டது இதற்காகத்தான். இரண்டு செய்திகளில் எது பிந்தியது என்று அடுத்த வாரம் எடுத்துப் பார்ப்பவருக்கும் தெரியும்.

வருபவர் சாதாரணப் பங்கேற்பாளராக இல்லாமல், அடுத்த பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியவராக இருந்தால் குறிப்பு வேறு மாதிரி ஆகும். பராமரிப்புக் கட்டண உயர்வை விளக்க வேண்டிய இணைச் செயலாளர் 7:20-க்கு வருகிறார் என்று வையுங்கள். அவருக்கு மொட்டை மாடி வாதங்கள் தேவையில்லை. "உங்கள் முறை சுமார் பத்து நிமிடத்தில். லிஃப்ட்டுக்கு ஆண்டுக்கு 96,000 என்று முடிந்தது. மொட்டை மாடி செலவு இன்னும் முடிவாகவில்லை, 2.4 அல்லது 6 லட்சம்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். அவர் தயாரித்துவைத்திருக்கும் கட்டணக் கணக்கில் மாற வேண்டிய எண்கள் இவைதான். கூடவே தலைவருக்கும் "இணைச் செயலாளர் வந்துவிட்டார்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அவர் வரவில்லை என்று நினைத்து அந்தப் பொருளையே தள்ளிவைத்துவிடப் போகிறார்.

ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பேர் தாமதமாக வந்தால் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. அப்போது "உங்களிடம் கேள்வி" என்ற வரியை நீக்கிவிட்டு, மீதியைப் பொதுச் சாட்டில் எல்லோருக்கும் தெரியும்படி போடுங்கள். யாரையாவது பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். பொதுவில் போடும் குறிப்பில் தவறு இருந்தால் முதலிலிருந்தே உட்கார்ந்திருப்பவர்கள் அங்கேயே திருத்திவிடுவார்கள், அது நல்லதுதான். "1கே சொன்னதைக் காணோமே" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். மினிட்ஸில் வரும் என்று பதில் சொல்லுங்கள். மறக்காமல் மினிட்ஸில் சேர்த்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். அனுப்பிய குறிப்பிலும் தாளிலும் உள்ள தொகைகளையும் தேதிகளையும் மினிட்ஸ் வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பில் 96,000 என்றும் மினிட்ஸில் 69,000 என்றும் இருந்தால், 4ஏ வீட்டுக்காரர் கையில் உங்கள் செய்தி இருக்கிறது. கையெழுத்துக்குப் போகும் முன் திருத்திக்கொள்ள வேண்டியது மினிட்ஸைத்தான்.